ஈட்டுக் கணக்கு பார்த்து அடுப்பு வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இடம் பிடித்து டிபன் கடை போடப்போவதாக எழுதியிருந்தாய். 108 இட்லி வேகும் ஸ்டீமரும் நாலு பர்னர் ஹை பிரஷர் அடுப்பும் எடுக்கச் சொல்லிப் பாத்திரக் கடைக்காரர் வற்புறுத்துகிறாராம். முன்பணம் கொடுத்துவிடாதே. கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டுப் போவோம்.

காலையில் 200 இட்லி போகும் என்று மதிப்பிட்டிருக்கிறாய். அந்த 200-ஐ வைத்து ஸ்டீமர் அளவை முடிவு செய்யக் கூடாது. கூட்டம் நெருக்கும் அரை மணி நேரத்தில் எத்தனை போகும் என்பதுதான் கணக்கு. உன் இடத்தில் ஏழே முக்காலிலிருந்து எட்டேகால் வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஒன்றாக வருவார்கள். அந்த நேரத்தில் 70 இட்லி போகும் என்று வை. ஓர் ஈடு வேக ஆவி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு எடுத்து, அடுத்த தட்டை ஏற்ற இன்னும் ஐந்தாறு நிமிடம். ஆக ஓர் ஈட்டுக்குப் பதினெட்டு நிமிடம். 54 இட்லி ஸ்டீமரில், கூட்டம் தொடங்கும்போது ஓர் ஈடு தயாராக இருந்து, நடுவில் இன்னோர் ஈடு இறங்கினால் 108 இட்லி கையில் இருக்கும். 70-க்கு அது தாராளம். வியாபாரம் ஒன்றரை மடங்கு ஆனாலும் தாங்கும்.

108 ஸ்டீமர் வாங்கினால் என்ன கெடும் என்று கேட்பாய். ஒன்பது மணிக்கு மேல் இருபது இட்லிக்கு ஆள் வரும்போதும் அந்தப் பெரிய பெட்டியின் தண்ணீர் முழுவதையும் கொதிநிலையில் வைத்திருக்க வேண்டும். அதைவிட, ஒரே ஈட்டில் 108 இறக்கினால் பாதி இட்லி ஹாட் பாக்ஸில் காத்துக் கிடந்து மேல்தோல் வேர்த்து நசநசத்துப் போகும். சின்ன ஈடாக அடிக்கடி இறக்குகிற கடையில்தான் இட்லி எப்போதும் சூடாகக் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் தட்டு இன்னொரு செட் வாங்கிக்கொள். ஒரு செட் வேகும்போதே மற்றதில் எண்ணெய் தடவி, மாவு ஊற்றத் தயாராக வைத்திருக்கலாம்.

அடுத்தது கேஸ். கேஸ் எங்கே செலவாகிறது என்று தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பது தானே விளங்கும். அடுப்பு தருகிற சூட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 140 கிராம் கேஸ் ஆகும். 200 இட்லி மாவைச் சூடேற்றி வேகவைக்கவும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியே போனால் அதற்கு மட்டும் 110 கிராம் போய்விடும். காலை வியாபாரத்தில் ஐந்து லிட்டர் வற்றினால் 550 கிராம். இட்லிக்குப் போவதைவிடக் காற்றில் போவது மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே ஸ்டீமர் வாங்கும்போது முதலில் கதவையும் ரப்பரையும் பார். நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி, அதை இழு. எல்லாப் பக்கமும் கதவு அதை இறுகப் பிடிக்க வேண்டும். ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் ஆவி கசியும். அதே அளவு ரப்பர் பின்னால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள். தண்ணீர்த் தொட்டி தேவைக்கு மேல் ஆழமாக இருக்க வேண்டாம். ஆனால் தண்ணீர் மட்டம் வெளியே தெரியும் கண்ணாடிக் குழாயும், அடியில் வடிகுழாயும் கட்டாயம் வேண்டும். உப்புத் தண்ணீர் ஊரில் அடியில் வெள்ளைப் படிவு சேரும். அது சூட்டைத் தண்ணீருக்கு விடாது. கொதி வர முன்னைவிட நேரம் ஆனால், படிவு தடித்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் மாஸ்டர்களும் தவறவிடுகிற ஒன்று உண்டு. ஆவி நன்றாக வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. இட்லி சீக்கிரம் வேகாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். தட்டு ஏற்றியதும் ஆவி திரும்ப எழும்வரை பெரிய தீ, அப்புறம் குறைத்த தீ. அப்படிக் குறைத்தாலும் அணையாமல் சீராக நிற்கிற வால்வு இருக்கிறதா என்று கடையிலேயே ஏற்றிப் பார்.

இனி அடுப்பு. உனக்கு இட்லி, சாம்பார், வடை, தோசைக்கல் என்று நாலு வேலை. தோசைக்கல்லுக்குக் கீழே அதற்கென்று பர்னர் வரும். ஸ்டீமருக்கும் தனி பர்னர் இருக்கிறது. மிச்சம் சாம்பாருக்கும் வடைச் சட்டிக்குமாக இரண்டு பர்னர் போதும். நாலு வேண்டாம். ஹை பிரஷர் பர்னர் கல்யாணச் சமையல் அண்டாவுக்கு ஏற்றது. உன் பத்து லிட்டர் சாம்பார் பாத்திரத்தில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுடும். அப்படிப் பக்கத்தில் ஏறுவதெல்லாம் வீண்தான். பாத்திரத்தின் அடியைத் தாண்டாமல், நீலமாக, சத்தமில்லாமல் எரிவதே சரியான தீ. மஞ்சளாகி அடி கரிப்பிடித்தால் காற்றுத் துளையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது ஜெட்டில் அடைப்பு இருக்கும்.

கடைக்கு வீட்டுச் சிலிண்டர் கூடாது. சட்டப்படி வணிகச் சிலிண்டர்தான்; 19 கிலோவில் எடு. எல்லாப் பர்னரையும் ஒரே நேரத்தில் எரித்தால் ஒற்றைச் சிலிண்டரால் அந்த வேகத்துக்குக் கேஸ் கொடுக்க முடியாது. சிலிண்டர் வெளியே வேர்த்து, கீழ்ப்பாதியில் பனி படரும். தீ தானாக இறங்கும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று அதை மாற்றவோ, வெந்நீர் ஊற்றவோ, படுக்கப் போடவோ கூடாது. விநியோகஸ்தரிடம் சொல்லி இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்துக்கொள்ள ஏற்பாடு செய். இட்லி ஏற்றும் முன்பே சாம்பாரை இறக்கிவிட்டால் அந்தத் தேவையும் பெரும்பாலும் வராது.

கடை திறந்த முதல் வாரம் ஒரு காரியம் செய். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் சிலிண்டரைத் தராசில் நிறுத்தி எடை குறி. வியாபாரம் முடிந்து மறுபடி நிறு. ஸ்டீமரில் ஊற்றிய தண்ணீரையும், கடைசியில் வடித்த தண்ணீரையும் அளந்து எழுது. வற்றியது ஐந்து லிட்டர் என்று வந்தால் ரப்பரையும் தீயையும் சரிசெய்து அதைப் பாதியாக்கப் பார். ஒரு நாளைக்கு 275 கிராம் மிச்சம். மாதத்துக்கு எட்டு கிலோவுக்கு மேல். அது கிட்டத்தட்ட அரைச் சிலிண்டர்.

நாளைக்குப் பாத்திரக் கடைக்காரரிடம் போனால் 54 இட்லி ஸ்டீமர், கூடுதலாக ஒரு செட் தட்டு, சாதாரண பிரஷரில் இரண்டு பர்னர் அடுப்பு, தோசைக்கல் என்று கேள். ஒவ்வொரு பர்னரும் மணிக்கு எத்தனை கிராம் எரிக்கும் என்று பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்