வகுப்புக்கு ரூ.1,500... கைக்கு வந்தது குறைவா? டி.டி.எஸ். கணக்கை இப்படிப் பாருங்க!

கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா வகுப்பு எடுக்குறீங்களா? "இத்தனை வகுப்பு எடுத்தேன், இவ்வளவு வரணும், ஆனா வங்கிக் கணக்குல குறைச்சுத்தான் விழுந்திருக்கு" என்ற குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு, 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 என்று குறிப்பிட்டது. நம் கணக்குக்கும் அந்த ரூ.1,500-ஐயே எடுத்துக்கொள்வோம்.

பள்ளிபாளையத்தில் இருந்து காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டில் உள்ள ஒரு கல்லூரிக்கு ஒருவர் வகுப்பு எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவர் எடுத்தது மொத்தம் 40 வகுப்புகள். கல்லூரி அவருக்கு மூன்று தவணையாகப் பணம் தருகிறது.

முதல் தவணை: 12 வகுப்பு, ரூ.18,000. பிடித்தம் இல்லை.
இரண்டாம் தவணை: 16 வகுப்பு, ரூ.24,000. பிடித்தம் இல்லை.
மூன்றாம் தவணை: 12 வகுப்பு, ரூ.18,000. ஆனால் கைக்கு வந்தது ரூ.12,000 மட்டுமே!

பத்து சதவீதம் என்றால் ரூ.1,800 தானே பிடிக்கணும், ஏன் ரூ.6,000 போச்சு?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் ரூ.50,000-ஐத் தாண்டாத வரை பிடித்தம் கிடையாது (2025 மார்ச் வரை இந்த வரம்பு ரூ.30,000). தாண்டிவிட்டால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் 10 சதவீதம். இரண்டு தவணை வரை அவர் வாங்கியது ரூ.42,000. மூன்றாவது தவணையோடு ரூ.60,000 ஆனது. அதில் 10 சதவீதம் ரூ.6,000. முன்பு பிடிக்காததும் சேர்ந்து கடைசித் தவணையில் போனது. வரம்பைத் தாண்டும் என்று முன்பே தெரிந்தால், சில கல்லூரிகள் முதல் தவணையில் இருந்தே பிடித்துவிடும்.

பான் எண் கொடுக்காமல் விட்டாலோ, பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தாலோ பிடித்தம் 20 சதவீதம். அதாவது ரூ.12,000! அதனால் முதல் வகுப்புக்கு முன்பே பான் எண்ணைக் கொடுத்து, அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"15ஜி படிவம் கொடுத்தா பிடிக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வங்கி வட்டி போன்ற சில வருமானங்களுக்குத்தான். மதிப்பூதியத்துக்கு அது செல்லாது.

சரி, அந்த ரூ.6,000 போனது போனதுதானா? இல்லை. அது உங்கள் பான் எண்ணில் வரவாகும் முன்பணம். இவருடைய மற்ற வருமானத்தையும் சேர்த்து ரூ.4 லட்சத்தைத் தாண்டவில்லை என்றால், புதிய வரி முறையில் வரியே இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் முழு ரூ.6,000-மும் திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது.

அதற்கு முன் போனிலேயே ஒரு சரிபார்ப்பு. incometax.gov.in தளத்தில் பான் எண்ணால் உள்நுழைந்து, `e-File` பகுதியில் `View Form 26AS` என்பதைத் தொடுங்கள். கல்லூரியின் பெயரும், கட்டிய ரூ.60,000-மும், பிடித்த ரூ.6,000-மும் அங்கே இருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்த விவரத்தைக் கல்லூரி மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து 15 நாளில் 16ஏ சான்றிதழும் தர வேண்டும். ஆகவே ஜூன் நடுவில் பாருங்கள். ஏப்ரலில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே காணோம்" என்று பதற வேண்டாம்.

ஜூன் கடைசியிலும் பதிவு இல்லையா? பெரும்பாலும் பான் எண்ணில் ஒரு எழுத்து தவறியிருக்கும், அல்லது கல்லூரி விவரத்தைத் தாக்கல் செய்திருக்காது. கணக்குப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, திருத்த விவரம் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தவணைச் சீட்டில் பிடித்தத் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். அதுதான் உங்கள் ஆதாரம்.

எப்போதாவது வகுப்பு எடுப்பவர் இதைப் பிற வருமானமாகவும், இதையே தொழிலாகச் செய்பவர் தொழில் வருமானமாகவும் காட்ட வேண்டும். அதைப் பொறுத்துப் படிவம் மாறும். மாதச் சம்பளம் போலத் தொகுப்பூதியம் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது சம்பளப் பிடித்தத்தில் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆனால் 2025-26 வகுப்புகளுக்கு மேலே சொன்ன எண்களே பொருந்தும். தாக்கலுக்கு முன் தளத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வையுங்கள். திரும்ப வரும் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்!