மாடி சோலாருக்கு எம்சிபி, ஆர்சிசிபி: எதை எங்கே வைப்பது?

மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்கிள் ஃபேஸ், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. அதிலிருந்து வரும் ஏசி கேபிள் வீட்டு மெயினில் சேருகிறது. இந்தக் கேபிளுக்கு எம்சிபி ஒன்று, ஆர்சிசிபி ஒன்று வேண்டும். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

எம்சிபி கேபிளைக் காக்கிறது. கேபிளில் ஷார்ட் ஆனால் அதைச் சுடவைக்கும் பெருமின்னோட்டம் தெருக் கம்பியிலிருந்துதான் வருகிறது. இன்வெர்ட்டரால் தன் முழு அளவுக்குச் சற்று மேல்தான் தர முடியும். ஆகவே எம்சிபி இருக்க வேண்டிய இடம் மாடியல்ல, கேபிள் மெயினோடு சேரும் முனை. மாடியில் இன்வெர்ட்டர் பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம். அது பழுது பார்ப்பவர் அணைத்து வைக்க உதவும், கேபிளைக் காக்காது.

அளவுக்கு வருவோம். 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். ஆனால் தரவுத்தாளில் இருக்கும் அதிகபட்ச வெளியீட்டு மின்னோட்டத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். அது 15 என்றால், 1.25 மடங்கு 18.75. அதற்கு அடுத்த அளவு 20 ஆம்பியர், இரண்டு போல், சி வகை. சுவரில் கிளாம்ப் அடித்த 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் இதற்குப் போதும். சிலர் 16 ஆம்பியர் போட்டுவிடுகிறார்கள். எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் குறிக்கப்பட்டது. வெயில் படும் மூடிய பெட்டிக்குள், சித்திரை மதியத்தில், மணிக்கணக்காக 14 ஆம்பியர் ஓடினால் அது பழுதே இல்லாமல் விழும். மதியம் விழுந்து மாலையில் நிற்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இனி ஆர்சிசிபி. தனி எர்த் குழி உள்ள வீட்டில் ஃபேஸ் கம்பி இன்வெர்ட்டரின் உலோக உடலில் பட்டுவிட்டது. மண் வழியாகச் சுற்றி வரும் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் என்று வையுங்கள். ஓடுவது 11.5 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, அசையாது. உடலிலோ உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் நின்றுகொண்டிருக்கும். போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டு இணைப்பைத் துண்டிப்பது ஆர்சிசிபி மட்டுமே.

எத்தனை மில்லிஆம்பியர்? பேனல்களுக்கும் மண்ணுக்கும் இடையே எப்போதும் சிறு கசிவு உண்டு; மழையில் நனைந்தால் கூடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. அதனால் சோலார் கேபிளுக்கு 100 போதும். வீட்டு பிளக்குகளுக்கான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தனியாக இருக்கட்டும்.

அடுத்து வகை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பேனல் பக்கத்து டிசி, கசிவாக ஏசி பக்கம் வர வாய்ப்புண்டு. ஏசி வகை ஆர்சிசிபி அதில் மந்தமாகிவிடும். ஏ வகை 6 மில்லிஆம்பியர் டிசி வரை தாங்கும். ஏ வகை போதும் என்று தயாரிப்பாளர் எழுதித் தந்தால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் பி வகைதான். டெஸ்ட் பட்டன் இந்த மந்தத்தைக் காட்டிக்கொடுக்காது. இன்வெர்ட்டருக்குள்ளும் ஒரு கசிவுக் காவல் இருக்கிறதே என்பார்கள். அது பேனல் பக்கத்துக் கசிவுக்கு. மெயினுக்குப் போகும் கேபிளை அது பார்ப்பதில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது இணைக்கும் இடத்தைப் பற்றி. வீட்டின் மெயின் 32 ஆம்பியர், அதற்குப் பின் 40 ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த ஆர்சிசிபிக்கு முன்னால், மெயினுக்குப் பின்னால் சோலாரைச் சேர்த்தால் தெருவிலிருந்து 32, மாடியிலிருந்து 13, ஆக 45 ஆம்பியர் அதன் வழியே ஓடலாம். மெயின் பார்ப்பது 32 மட்டும், விழாது. ஆர்சிசிபிக்கு அதிக மின்னோட்டத்தை அறியும் திறனே இல்லை, சூடாகிக் கருகும். மீட்டருக்கும் வீட்டு மெயினுக்கும் இடையில், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி வழியாகச் சேர்ப்பதே சரி.

மழைக்காலையில் சோலார் ஆர்சிசிபி விழுந்தால், இன்வெர்ட்டரின் டிசி சுவிட்சை அணைத்துவிட்டு ஆர்சிசிபியை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். உடனே விழுந்தால் ஏசி கேபிளிலோ பெட்டியிலோ ஈரம். நின்று, டிசியைப் போட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் விழுந்தால் பேனல் பக்கத்துக் கசிவு. உரசிய கம்பியையும் நீர் புகுந்த கனெக்டரையும் எலக்ட்ரீஷியன் தேடட்டும். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.