ஒரு லேப்டாப்பைத் தடுக்கப் போய் மாடியையே பூட்டிய கதை

"ஐ.பி. முகவரி மாறும், மேக் முகவரி மாறாது. அதனால ஒரு மெஷினைத் தடுக்கணும்னா மேக்கை வச்சுத் தடுக்கிறதுதான் பக்கா." நெட்வொர்க்ஸ் வைவாவில் நம்மில் பாதிப் பேர் சொல்லும் பதில் இது. போன லீவில் நானும் இதை நம்பித்தான் வேலையில் இறங்கினேன். எங்க ஊர் கூத்தாநல்லூரில் மாமாவின் நெட் சென்டரில் அந்த நம்பிக்கை உடைந்த கதைதான் இந்தப் பாடம்.

கீழே நெட் சென்டர். மாடியில் மாமாவே நடத்தும் கம்ப்யூட்டர் கிளாஸ். வெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்றுதான். அது கீழே இருக்கும் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வரும். அதுதான் எங்கள் ஃபயர்வால். மாடிக்குத் தனியாக ஒரு ரவுட்டர். கீழ்த்தளம் `192.168.1.0/24`, மாடி `192.168.2.0/24`. மாடி ரவுட்டர் முகவரி எதையும் மாற்றாமல் பாக்கெட்டை அப்படியே கடத்திவிடும்படி அமைத்திருந்தோம். "மாடிக்குப் போக வழி `192.168.1.2`" என்று ஃபயர்வாலிலும் ஒரு ரூட் எழுதியிருந்தோம்.

பொறியியல் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள். மாடியில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கம் திறக்கவே இல்லை. ஃபயர்வாலில் `iftop` ஓட்டிப் பார்த்தால், `192.168.2.37` என்ற ஒரே மெஷின் மொத்த இணைப்பையும் இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ தன் லேப்டாப்பை வைஃபையில் போட்டுவிட்டு எதையோ டவுன்லோட் செய்துகொண்டிருக்கிறார்கள். "யாருன்னு தேட நேரமில்லை, கட் பண்ணுடா" என்றார் மாமா.

ஐ.பி. கையில் இருந்தது. ஆனா அது மாறிடுமே! மாடி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அந்த ஐ.பி.க்கு நேராக இருந்த மேக் முகவரியை எடுத்தேன். ஃபயர்வாலில் இப்படி அடித்தேன் (மேக் எண்களை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்):

```
iptables -I FORWARD -m mac --mac-source 00:00:5e:00:53:37 -j DROP
```

ஒன்றும் நடக்கவில்லை. டவுன்லோட் ஜோராக ஓடியது. `iptables -L FORWARD -v -n` என்று பார்த்தால், என் விதிக்கு நேராக `pkts` என்ற இடத்தில் 0. ஒரு பாக்கெட் கூட அந்த விதியில் மாட்டவில்லை.

எண்ணைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்று, அந்த ஐ.பி.யிலிருந்து வரும் பாக்கெட்டுகளை லாக் செய்தேன். வந்த வரியின் தேவையான பகுதி இது:

```
IN=eth1 OUT=eth0 MAC=00:00:5e:00:53:01:00:00:5e:00:53:11:08:00
SRC=192.168.2.37 DST=203.0.113.80
```

`MAC=` என்பதற்குப் பின் 14 பைட். முதல் 6 பைட் பெறுபவரின் மேக், அதாவது ஃபயர்வால். அடுத்த 6 பைட் அனுப்பியவரின் மேக். கடைசி `08:00`, உள்ளே இருப்பது ஐ.பி. பதிப்பு 4 என்று சொல்கிறது. ஆக, அனுப்பியவர் `00:00:5e:00:53:11`. "ஓ, இதுதான் சரியான மேக் போல" என்று அதைத் தடுத்தேன். டவுன்லோட் நின்றது. அதே நொடியில் மாடியில் இருந்த எல்லாருக்கும் இணைப்பு நின்றது.

மாடியிலிருந்து சத்தம் கேட்டது. மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒருத்தனை வெளிய அனுப்பச் சொன்னா மாடிக்கே பூட்டுப் போட்டுட்டியேடா!"

அந்த `:11` லேப்டாப்பின் மேக் இல்லை. மாடி ரவுட்டரின் கீழ்ப்பக்கத்து மேக்.

சாக்குப் பையும் கவரும்

எங்க ஊரில் சிங்கப்பூர், மலேசியாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து போன கடிதத்தை நினைத்துப் பாருங்கள். கவர் மேல் சிங்கப்பூர் முகவரி. ஆனால் கவர் தனியாகப் பயணம் செய்யாது. தபால் ஆபீஸில் அதை ஒரு பையில் போடுவார்கள். பையின் சீட்டில் சிங்கப்பூர் முகவரி இருக்காது. அடுத்து எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் இருக்கும். அங்கே பையைப் பிரிப்பார்கள், கவரின் முகவரியைப் படிப்பார்கள், புதுச் சீட்டுடன் வேறு பையில் போடுவார்கள். சிங்கப்பூரில் கடைசிப் பையைப் பிரிப்பவருக்குக் கவரில் எழுதியது எல்லாம் தெரியும். கூத்தாநல்லூரில் எந்தப் பையில் போட்டார்கள் என்பது தெரியவே தெரியாது, அந்தப் பை முதல் ஆபீஸிலேயே நின்றுவிட்டது.

ஐ.பி. பாக்கெட்தான் கவர். ஈதர்நெட் ஃப்ரேம்தான் பை. மேக் முகவரி பையின் சீட்டில் மட்டுமே எழுதப்படுகிறது.

இப்போது எங்கள் லேப்டாப்பின் ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்வோம். அது `203.0.113.80` என்ற சர்வருக்குப் போக வேண்டும். இது நம்ம நெட்வொர்க்கில் இல்லை என்று லேப்டாப்புக்குத் தெரியும், அதனால் கேட்வேயான `192.168.2.1`-க்குக் கொடுக்க வேண்டும். அதன் மேக் தெரியாவிட்டால், "`192.168.2.1` யாருப்பா? உன் மேக் சொல்லு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும். இந்தக் கத்தலுக்குப் பெயர்தான் ஏ.ஆர்.பி. 1982-இல் ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணத்தில் வகுக்கப்பட்டது. இந்தக் கத்தலை ரவுட்டர் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. அதனால் சர்வரின் மேக்கை லேப்டாப் தெரிந்துகொள்ள வழியும் இல்லை, தேவையும் இல்லை. முகவரிகள் மாறும் விதம் இது:

```
laptop -> router
  MAC  00:00:5e:00:53:37 -> 00:00:5e:00:53:21
  IP   192.168.2.37      -> 203.0.113.80

router -> firewall
  MAC  00:00:5e:00:53:11 -> 00:00:5e:00:53:01
  IP   192.168.2.37      -> 203.0.113.80
```

ரவுட்டர் முதல் ஃப்ரேமைப் பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. உள்ளே இருந்த பாக்கெட்டில் டி.டி.எல். எண்ணை ஒன்று குறைத்தது, அதற்கேற்ப ஹெடரின் செக்சம்மைத் திருத்தியது, புது ஃப்ரேமில் போட்டது. மேக் இரண்டும் மாறின. ஐ.பி. இரண்டும் அப்படியே இருக்கின்றன. `:37` என்ற மேக் கீழ்த்தளத்துக்கு வந்து சேரவே இல்லை. வராத ஒன்றை ஃபயர்வால் எப்படித் தடுக்கும்? என் முதல் விதியில் 0 இருந்ததற்குக் காரணம் இதுதான். மாடியிலிருந்து யார் அனுப்பினாலும் பையின் சீட்டில் `:11` என்றே இருக்கும். இரண்டாவது விதி எல்லாரையும் பூட்டியதற்குக் காரணம் அது.

அப்போ என்ன செய்வது?

அன்று செய்தது சின்ன வேலை. இரண்டு மேக் விதிகளையும் நீக்கிவிட்டு:

```
iptables -I FORWARD -s 192.168.2.37 -j DROP
```

மாடியில் மற்றவர்களுக்கு இணைப்பு வந்தது. பிள்ளைகள் விண்ணப்பத்தை முடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி கீழே இறங்கி வந்து, "அண்ணே, எனக்கு மட்டும் நெட் வரல" என்றான். ஆள் கிடைத்துவிட்டான்!

ஆனால் ஐ.பி. மாறும் என்ற என் பயமும் நியாயம்தான். டி.எச்.சி.பி. நாளைக்கு `.37`-ஐ வேறு யாருக்காவது கொடுத்தால், அப்பாவி ஒருவர் மாட்டுவார். இதற்கு வழி, மேக் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே மேக் வேலையைச் செய்வது. லேப்டாப்பும் மாடி ரவுட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. அதனால் மாடி ரவுட்டரில், "`:37` வந்தால் எப்போதும் `192.168.2.37` கொடு" என்று டி.எச்.சி.பி. ஒதுக்கீடு எழுதினேன். கீழே ஃபயர்வால் அந்த ஐ.பி.யைப் பார்த்துக்கொள்கிறது.

இதுவும் முழுப் பூட்டு இல்லை. மேக் முகவரி மாறாது என்பதே இன்று பழைய கதை. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதல் பைட்டின் இரண்டாவது எழுத்து 2, 6, a, e என்றிருந்தால், அது கம்பெனி பொறித்த மேக் இல்லை, மென்பொருள் வைத்தது என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு எல்லை நேட். எங்கள் மாடி ரவுட்டர் நேட் செய்யாமல் இருந்ததால்தான் `192.168.2.37` கீழே தெரிந்தது. கடையில் வாங்கும் வைஃபை ரவுட்டரை அப்படியே மாட்டினால், அது பெரும்பாலும் நேட் செய்யும். அப்போது கவரில் அனுப்புநர் முகவரியையும் அழித்துத் தன் முகவரியை எழுதிவிடும். மாடியில் இருக்கும் எல்லாரும் ஃபயர்வாலுக்கு `192.168.1.2` ஆகிவிடுவார்கள். அந்த நிலையில் மேக்கும் உதவாது, ஐ.பி.யும் உதவாது. நேட் செய்யும் பெட்டியிலேயேதான் தடுக்க வேண்டும். நம் ஃபயர்வாலும் வெளியே போகும்போது இதைத்தான் செய்கிறது. வெளியே இருக்கும் சர்வருக்கு நம் பொது ஐ.பி. தெரியும், தன் பக்கத்து ரவுட்டரின் மேக் தெரியும். நம் லேப்டாப்பின் மேக் தெரியாது.

விதிவிலக்கு உண்டு. லேப்டாப்பில் ஓடும் ஒரு மென்பொருள் தானே மேக்கைப் படித்து, கடிதத்தின் உள்ளே எழுதி அனுப்பலாம். பழைய முறையில் அமைத்த ஐ.பி. பதிப்பு 6 முகவரியில், நடுவில் `ff:fe` செருகி மேக்கே முகவரியின் பாதியாக உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டிலும் மேக் பயணம் செய்வது கவரோடுதான், பையோடு இல்லை.

நம்ம லேபில் இதைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். உங்கள் மெஷினில் `ping 8.8.8.8` அடித்துவிட்டு, `arp -a` பாருங்கள். `8.8.8.8` அந்தப் பட்டியலில் இருக்காது, கேட்வே இருக்கும். பிறகு ஏதாவது ஒரு ஃபயர்வால் லாக்கைப் பாருங்கள். பல ஐ.பி.க்கள் ஒரே மேக்கோடு வந்தால், நடுவில் ஒரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மேக்கை மட்டும் தடுத்துவிடாதீர்கள். மாடியிலிருந்து சத்தம் வரும்.