மொய் நோட்டும் சேமிப்புக் கணக்கும்

மதுரையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி சம்பளம் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வைகாசி, ஆவணி, தை வந்தால் பத்திரிகைகள் குவியும். அந்த மாதங்களில் எஸ்.ஐ.பி. நின்றுபோகும், அல்லது வளையல் அடகுக்குப் போகும். கொடுப்பதையும் சேர்ப்பதையும் பற்றி இத்தகைய வீடுகளில் உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சேமித்தது போக மிச்சமிருந்தால் கொடுக்கலாம்.

உண்மை: செய்முறை மிச்சத்துக்காகக் காத்திருக்காது. திட்டத்தில் இடம் ஒதுக்காவிட்டால் சேமிப்பிலிருந்துதான் அது போகும். விருதுநகர் நாடார் வணிகர்கள் இதற்கு அந்தக் காலத்திலேயே மகமை என்றொரு வழி வைத்திருந்தார்கள். சரக்கு கைமாறும்போதே ஒரு சிறு தொகை பொதுப்பணிக்கென்று பிரிந்துவிடும். அப்படிச் சேர்ந்த பணத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன.

நம் மதுரைக் குடும்பமும் சம்பளம் வந்த அன்றே 5,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடலாம். அதில் செய்முறைக்கு 2,500, உறவினரின் அவசரத்துக்கு 1,500, தர்மத்துக்கு 1,000. பத்திரிகை வராத ஆடியிலும் மார்கழியிலும் சேரும் பணம் ஆவணிக்கும் தைக்கும் கைகொடுக்கும்.

நம்பிக்கை 2: மொய் திரும்பி வரும், ஆகவே அதுவும் சேமிப்புதான்.

உண்மை: திரும்பி வரும், ஆனால் எப்போது என்பது நம் கையில் இல்லை. இன்று எழுதும் 5,000 ரூபாய் பத்து ஆண்டு கழித்து அப்படியே வந்தால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறியிருக்கும் நிலையில், இன்றைய மதிப்பில் அது சுமார் 2,800 ரூபாய்தான்.

நம் வீட்டு விசேஷத்தில் வரும் மொய்யில்தான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. மகள் காதுகுத்துக்கு நாம் முன்பு செய்தது திரும்பியது போக, புதிதாக 3 லட்சம் வந்தது என்றால் அந்த 3 லட்சமும் வட்டியில்லாக் கடன். அதை வருமானம் என்று நினைத்து வண்டி வாங்கிவிட்டால், திருப்பிச் செய்யும்போது சம்பளத்தில் கைவைக்க வேண்டும். பத்து ஆண்டில் பரவலாகத் திருப்ப வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 30,000, மாதத்துக்கு 2,500. மேலே செய்முறைக்கு ஒதுக்கிய தொகை இப்படி வந்ததுதான். மொய் நோட்டில் 'திரும்பி வந்தது', 'புதிதாக வந்தது' என்று பிரித்து எழுதினால் உங்கள் வீட்டுத் தொகையும் தெரிந்துவிடும்.

நம்பிக்கை 3: ஜாமீன் கையெழுத்துக்குக் காசு செலவில்லை.

உண்மை: கைமாற்றாக 20,000 கேட்கும் மைத்துனருக்கு மறுப்பவர்கள்கூட, அவருடைய 5 லட்சம் கடனுக்கு ஜாமீன் போட்டுவிடுவதுண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் வங்கி நேராக உங்களிடமே வரலாம். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த 5 லட்சத்தையும் உங்கள் கடனாகவே எண்ணிப் பாருங்கள்.

அதைத் தாங்க முடியாது என்றால் உறவினரின் அவசரத்துக்கென்று ஓராண்டில் சேர்ந்திருக்கும் 18,000 ரூபாயைத் திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுத்துவிடலாம். மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ நேராகக் கட்டினால் கேட்ட தேவைக்கே போய்ச் சேரும். "இந்த வருஷத்துக்கு ஒதுக்கினது இவ்வளவுதான் மச்சான்" என்று சொல்லவும் முடியும். அது சாக்கு அல்ல, கணக்கில் உள்ளதைச் சொல்வது. கைமாற்றாகவே கொடுத்தாலும், திரும்பி வரும்வரை அதைச் சொத்துப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நம்பிக்கை 4: நன்கொடை கொடுத்தால் அவ்வளவும் வரியில் கழிந்துவிடும்.

உண்மை: 80ஜி என்று பழகிப்போன சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். அதிலும் பல அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும். ஆண்டுக்கு 12,000 கொடுத்தால் 6,000 ரூபாய் வருமானத்திலிருந்து குறையும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து, 1,248 ரூபாய் மிச்சம். மீதி 10,752 ரூபாய் உங்கள் பணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தச் சலுகையும் கிடைக்காது. அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ கொடுப்பதற்கு எந்த முறையிலும் கழிவு இல்லை.

எனவே தர்மத்துக்கான தொகையை முடிவு செய்யும்போது வரிச் சலுகை இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒதுக்கிய தொகை சரியா என்பதை ஆண்டு முடிவில் எஸ்.ஐ.பி. பட்டியலே காட்டும். ஒரு மாதம்கூட விசேஷத்துக்காக நிற்கவில்லை என்றால் ஒதுக்கீடு போதும். நின்றிருந்தால், செய்முறைக்கான தொகையைக் கூட்டுங்கள் அல்லது புதிய இடங்களில் எழுதும் மொய்யைக் குறையுங்கள்.