ரயிலில் உங்கள் படுக்கை எது?

தெமோதரையில் ரயில் ஏறும்போது உட்கார இடம் கிடைத்தால் போதும். இந்தியாவில் இரவு ரயிலுக்குப் படுக்கை எண் தருவார்கள். அந்தப் படுக்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஏறுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றடுக்குப் பெட்டியில் எட்டெட்டுப் படுக்கைகளாக எண் இட்டிருப்பார்கள். 1, 4 கீழே. 2, 5 நடுவில். 3, 6 மேலே. நடைவழிக்கு மறுபக்கம் 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். 9 முதல் இதே வரிசை மறுபடி வரும்.

உங்கள் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு 41, 42, 43, 48 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 41-இல் மீதி 1, அது கீழ்ப்படுக்கை. 42 நடு, 43 மேல். 48-இல் மீதி இல்லை. மீதி இல்லாவிட்டால் அது பக்கவாட்டு மேல்.

பாட்டியின் பெயருக்கு 43 வந்திருந்தால் அவர் மேலே ஏற வேண்டிவரும். 41-ஐ அவருக்குக் கொடுத்துவிட்டு இளையவர் ஒருவர் மேலே போகட்டும்.

நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்து வைக்கலாம். விரித்தபின் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. ஆகவே பாட்டிக்குச் சாப்பாடும் மருந்தும் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.