புதுமையும் நகலும்: ஒரு பயிற்சிக் கணக்கு

காப்புரிமையும் பதிப்புரிமையும் ஒரே பொருளைப் பற்றி எழும்போது மாணவர்கள் இரண்டையும் கலந்து விடுகின்றனர். வீட்டில் செய்துவரத் தரப்படும் கீழ்க்கண்ட கற்பனைக் கணக்கு, இவற்றைப் பிரித்தறிய உதவும்.

மும்பையை அடுத்த ஐரோலியில் எவர்சில்வர் பாத்திரப் பட்டறை நடத்தும் ஒருவர், மெருகேற்றும்போது பாத்திரம் நழுவாதபடி பிடிக்கும் கருவியொன்றை அமைக்கிறார். ஜனவரியில் தொழிற்கண்காட்சி ஒன்றில் அதை இயக்கிக் காட்டுகிறார். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே, கருவியின் வரைபடமும் அளவுகளும் அடங்கிய கையேட்டைக் கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார். அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார. போட்டியாளர் ஒருவர் அதே கருவியைச் செய்து, தாமும் ஒரு கையேடு வெளியிடுகிறார். அதில் மூன்று பக்கங்கள் முதற்கையேட்டின் சொற்களாகவே உள்ளன. அச்சுப்பிழையாக விழுந்த ஓர் அளவும் அப்படியே இருக்கிறது. காப்புரிமை நிற்குமா? பதிப்புரிமை மீறப்பட்டதா?

முதற்கேள்விக்கு 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் பொருள் பொதுமக்களுக்குத் தெரிந்திருந்தாலோ, எங்கேனும் அச்சில் வெளிவந்திருந்தாலோ புதுமை இல்லை. வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்பது அவரைக் காப்பாற்றாது. 31ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது: கண்காட்சி தொடங்கிய 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் அங்கே காட்டியது தடையாகாது. ஆனால் மைய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கே இது பொருந்தும். நம் கணக்கில் ஒன்பது மாதங்களே கடந்துள்ளன என்று கண்டவுடன் பல மாணவர்கள் விடையை முடித்து விடுகின்றனர். அறிவிப்பு இருந்ததா என்பதை அவர்கள் கேட்பதில்லை. இருந்ததாகவே கொண்டாலும், கையேடு கண்காட்சிக்கு முன்பே வெளிவந்தது. அது கண்காட்சியின் விளைவாக வந்த வெளியீடன்று. துறையறிந்தவர் அதைப் படித்துக் கருவியைச் செய்ய முடியுமானால் புதுமை இழக்கப்பட்டது. வெறும் விளம்பரப் படம் மட்டும் இருந்திருந்தால் முடிவு வேறாகலாம்.

அடுத்தது கண்டுபிடிப்புத் திறன். இங்கே உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் வழங்கிய பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு பொருத்தமானது. அதுவும் பாத்திரம் கடைவதற்காக அதைப் பிடிக்கும் அமைப்பைப் பற்றியதே. தெரிந்த பகுதிகளைச் சிறிது மாற்றி இணைப்பது பட்டறையில் இயல்பாக நிகழும் சீர்திருத்தமே. அதற்கு மேற்பட்ட ஒன்று வேண்டும் என்று கூறி, வழங்கப்பட்டிருந்த காப்புரிமையைச் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. காப்புரிமை வழங்கப்பட்டதனாலேயே அது செல்லத்தக்கதாகி விடாது என்பதும் அதன் படிப்பினை.

இரண்டாம் கேள்விக்கு ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் தீர்ப்பு வழிகாட்டும். இதுவும் 1978ஆம் ஆண்டினதே. பஞ்சாபிக் குடும்பமும் சென்னைக் குடும்பமும் எதிர்ப்படும் நாடகத்தை எழுதியவர், 1956இல் வெளிவந்த "நியூ டெல்லி" திரைப்படம் அதன் நகல் என்றார். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று கூறி நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது. இதன்படி, கருவி இயங்கும் முறையைப் போட்டியாளர் தம் சொற்களில் விளக்கியிருந்தால் குற்றமில்லை. மூன்று பக்கச் சொற்களை எடுத்தது மீறலாகும். பிழையான அளவும் உடன் வந்திருப்பது, தற்செயல் ஒற்றுமை என்ற வாதத்தை முறியடிக்கும் சான்று. பதிவு செய்யாதிருந்தாலும் இவ்வுரிமை உண்டு. வரைபடத்தைப் பார்த்துக் கருவியைச் செய்தது தனிக் கேள்வி. அதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் வடிவமைப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பட்டறையாளர் கருவியின் மீதான தனியுரிமையை இழக்கிறார். கையேட்டின் மீதான உரிமையைக் காக்கிறார்.

மேற்கோள் காட்டுவதில் மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, ஏ.ஐ.ஆர். 1982 தொகுப்பில் 1444ஆம் பக்கத்தில் உள்ளதால் பிஷ்வநாத் தீர்ப்பை 1982ஆம் ஆண்டினது என எழுதுவது. அது தொகுப்பின் ஆண்டே. இரண்டாவது, இரு தீர்ப்புகளும் பழைய சட்டங்களின் கீழ் எழுந்த வழக்குகளைப் பற்றியவை என்பதை மறப்பது. விதியை இன்றைய சட்டப் பிரிவிலிருந்தும், கோட்பாட்டைத் தீர்ப்பிலிருந்தும் எடுக்க வேண்டும். மூன்றாவது, ஆனந்த் வழக்கில் நீதிபதிகள் அனைவரும் ஒரே காரணத்தைக் கூறியதாக எண்ணுவது. நீதிபதி பாடக் தமக்கு ஐயம் உண்டென்றும், கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒருமித்துக் கண்ட முடிவில் தலையிடத் தயங்குவதாகவும் குறிப்பிட்டார். எனவே எந்தக் கூற்று எந்த நீதிபதியுடையது என்பதைச் சுட்டாமல் அத்தீர்ப்பை எடுத்தாளுதல் ஆகாது.