சொல்லாமல் வாங்கிய பங்கும் கூடுதலாகப் பிடித்த கட்டணமும்: எந்தக் கதவைத் தட்டுவது?

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பங்கு என்ற சொல்லை மூத்த தலைமுறை முதலில் கேட்டது பெரும்பாலும் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கிய 1982-ல்தான். அப்போது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இன்று சிரம்பானிலோ நீலாயிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கும் பங்குகளுக்குக் காகிதம் கிடையாது. எல்லாம் சி.டி.எஸ் கணக்கில் ஓர் எண்ணாக நிற்கிறது. தரகர் நிறுவனத்தில் யாரோ ஒருவர் தவறாக ஓர் ஆர்டர் போட்டால் அந்த எண் மாறும். நாம் அறிக்கையைப் படிக்காவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்த பிறகும் தயங்குகிறோம். தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கணக்கு திறந்து கொடுத்த ரெமிசியர் பல நேரங்களில் ஊர்க்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர், அண்ணனோடு படித்தவர். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா சரி பண்ணிடுவான்" என்று வீட்டில் சொல்வார்கள். கணக்கில் பணம் போனவருக்கு இதைவிடக் கெடுதலான வழி இல்லை என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சிக்கல்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று தவறான கட்டணம். நீங்கள் செய்த வாங்கலுக்குத்தான் பணம் பிடித்தார்கள், ஆனால் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். மற்றொன்று அனுமதி இல்லாத வாங்கல் விற்றல். நீங்கள் ஆர்டரே போடவில்லை, கணக்கில் மட்டும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் போகும் பாதை வேறு. கையில் இருக்கும் நேரமும் வேறு.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இணையத்தில் 1.20 ரிங்கிட்டுக்கு 5,000 பங்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 6,000 ரிங்கிட். முத்திரை வரி ஆயிரத்துக்கு ஒரு ரிங்கிட், ஆகவே 6 ரிங்கிட். 2023 ஜூலையில் இந்த வீதம் ஒன்றரை ரிங்கிட்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. கிளியரிங் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 1.80. இவை இரண்டும் எந்தத் தரகரிடம் போனாலும் மாறாதவை. மாறக்கூடியது தரகுக் கட்டணம். அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தப்படி. இணைய வீதம் 0.42 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டிருந்தால் 25.20 பிடிக்க வேண்டும். ஒப்பந்தக் குறிப்பில் 42 ரிங்கிட் இருந்தால், தொலைபேசி ஆர்டருக்கான 0.70 விழுக்காட்டைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வித்தியாசம் 16.80.

இந்த அளவுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஒப்பந்தக் குறிப்பின் எண், நீங்கள் ஒப்புக்கொண்ட வீதம் இருக்கும் பக்கம், உங்கள் கணக்கீடு, இவை மூன்றையும் இணைத்து, எந்த வீதத்தில் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கு திறந்த நாளிலிருந்து இதே தவறு நடந்திருக்கலாம் என்பதால் பழைய குறிப்புகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கட்டண விஷயத்தில் அவசரம் குறைவு. ஆனால் பல ஒப்பந்தங்களில், இத்தனை நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அறிக்கை சரி என்றே கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். அந்த நாள் கணக்கை உங்கள் ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அனுமதி இல்லாத வாங்கலில் கடிகாரம் வேகமாக ஓடும். புர்சாவில் 2019 ஏப்ரல் முதல் வாங்கிய நாளுக்குப் பின் இரண்டாவது சந்தை நாளில் பணம் கட்ட வேண்டும். திங்கட்கிழமை 62 சென்னுக்கு 20,000 பங்கு உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 12,400 ரிங்கிட். புதன்கிழமைக்குள் பணம் வராவிட்டால் நிறுவனம் அதைக் கட்டாயமாக விற்றுவிட்டு நட்டத்தை உங்கள் தலையில் எழுதும். 55 சென்னுக்குப் போனால் விலை நட்டம் 1,400. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.70 விழுக்காடு தரகு, முத்திரை வரி, கிளியரிங் எல்லாம் சேர்த்தால் மேலும் 194.82. மொத்தம் 1,594.82 ரிங்கிட், வட்டி தனி.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலையிலேயே எழுத்து போக வேண்டும். யாருக்கு? ரெமிசியருக்கு அல்ல, நிறுவனத்தின் இணக்கப் பிரிவுத் தலைவருக்கும் புகார்ப் பிரிவுக்கும். ரெமிசியரிடம் மட்டும் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். "விலை ஏறிடும்ணே, கொஞ்சம் பொறுங்க" என்பார். நீங்கள் பொறுத்த நாட்கள் பிறகு நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நிற்கும். இல்லாவிட்டால், "நட்டத்தை நானே தர்றேன், ஆபீசுக்கு எழுதாதீங்க" என்பார். அந்தப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், நிறுவனத்தின் பதிவில் அது நீங்கள் செய்த வாங்கலாகவே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மீது உங்களுக்குள்ள அன்பு உங்கள் கடிதத்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். பொருள் இவ்வளவு போதும்: "இந்தத் தேதியில், இந்த ஒப்பந்தக் குறிப்பு எண்ணில், என் கணக்கில் நடந்த வாங்கலுக்கு நான் ஆர்டர் தரவில்லை. யாருக்கும் என் சார்பில் வாங்க விற்க எழுத்து அனுமதி தந்ததில்லை. இதை நான் ஏற்கவில்லை. என் கணக்கிலிருந்து நீக்கி நிறுவனத்தின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாய விற்பனை நடந்தால் அந்த நட்டம் என்னுடையது அல்ல. ஆர்டர் எந்த நேரத்தில், எந்த வழியில், யாருடைய உள்நுழைவில் வந்தது, அன்றைய தொலைபேசிப் பதிவு என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் விளக்குங்கள். அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்." கோபமான சொற்கள் வேண்டாம். நேரம், வழி, உள்நுழைவு, பதிவு என்ற நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும். "விசாரித்தோம், தவறு எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அது விளக்கம் அல்ல. எதற்குப் பதில் இல்லையோ அதைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.

உங்கள் கணக்கு நேரடி சி.டி.எஸ் கணக்காக இருந்தால் புர்சா எனிவேர் செயலியில் உங்கள் பங்குகளை நீங்களே பார்க்கலாம், தரகரின் அறிக்கையோடு ஒப்பிடலாம். நாமினி கணக்காக இருந்தால் பங்கு தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயரில் இருக்கும், செயலியில் தெரியாது. நாமினி கணக்கு வைத்திருப்பவர் மாத அறிக்கையைத் தவறாமல் படிக்க வேண்டியது இதனால்தான். அறிக்கை போகும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, கிராணி மேசையில் கிடந்து, கைக்கு வர நாளாகும் இடங்களில் இது முக்கியம்.

நிறுவனம் மறுத்துவிட்டால் எங்கே போவது? இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் பழக்கமான பெயர், ஆனால் 1999-ம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பங்கு, பத்திர விவகாரங்களை விலக்கி வைத்திருக்கிறது. அங்கே போனால் நாள்தான் வீணாகும்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் என் தேர்வு நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவை, அதாவது எஃப்.எம்.ஓ.எஸ். பங்குத் தரகர் வழக்குகளைப் பார்த்துவந்த சிட்ரெக்கும் வங்கி, காப்புறுதி வழக்குகளைப் பார்த்துவந்த ஓ.எஃப்.எஸ்ஸும் ஒன்றாகி 2025 ஜனவரி 1 முதல் இது இயங்குகிறது. புகார் தருபவருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவை இல்லை, 250,000 ரிங்கிட் வரையான நட்டத்தைப் பார்ப்பார்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். புகார் தந்து 60 நாளாகியும் பதிலே இல்லாவிட்டாலும் போகலாம். அதனால்தான் முதல் கடிதத்தின் தேதி பெரிய விஷயம். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு. நீங்கள் தீர்ப்பை ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். பங்கு விலை இறங்கியது மட்டுமே குறை என்றால் அங்கே பதில் கிடைக்காது.

மேலே சொன்ன 1,594.82-க்கு சிரம்பான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக் கோரிக்கையும் ஒரு வழிதான். 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமல் போகலாம், வீட்டுக்கும் கிட்ட. ஆனாலும் நான் எஃப்.எம்.ஓ.எஸ்ஸையே முதலில் சொல்வேன். ஆர்டர் தரவில்லை என்பதை நிரூபிக்கும் தொலைபேசிப் பதிவும் உள்நுழைவுப் பதிவும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. நீதிமன்றத்தில் அவற்றை வரவழைக்க ஒரு சாதாரண மனிதர் படும் பாடு பெரிது. முதலில் நீதிமன்றம் போய்விட்டால் ஓம்புட்ஸ்மேன் கதவும் அடைபடும்.

பத்திர ஆணையத்துக்கும் புர்சாவுக்கும் எழுதுவது வேறு நோக்கம். அவர்கள் விதிமீறலை விசாரிப்பார்கள். அனுமதி இல்லாமல் வாங்கி விற்ற தரகுப் பிரதிநிதிகளைக் கண்டித்து, அபராதம் விதித்து, பெயரை நீக்கிய நடவடிக்கைகளைப் புர்சா பொதுவில் அறிவித்திருக்கிறது. ஆனால் உங்கள் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை அல்ல. 16.80 ரிங்கிட்டுக்கு அங்கே போக வேண்டாம். ஆர்டர் இல்லாமல் வாங்கியிருந்தால் எஃப்.எம்.ஓ.எஸ்ஸோடு சேர்த்தே எழுதுங்கள். அதே ஆள் அடுத்த வீட்டுக் கணக்கிலும் செய்திருக்கலாம்.

உங்கள் கடவுச்சொல்லை ரெமிசியருக்குக் கொடுத்திருந்தால் வழக்கு பலவீனமாகும். அதை மறைக்காமல் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். பிற்பாடு வெளிவந்தால் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள். கையெழுத்தே போலி என்றால் போலீஸ் புகார் அவசியம். உங்கள் "தரகர்" பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இல்லாத வாட்ஸ்அப் ஆள் என்றால் எஃப்.எம்.ஓ.எஸ் எதுவும் செய்ய முடியாது. பணம் மாற்றிய உடனே 997-க்கு அழைத்து, பிறகு போலீசுக்கும் ஆணையத்துக்கும் போக வேண்டும்.

கணக்கு அப்பா பெயரில், கடிதம் எழுதுவது மகள் என்றால் அப்பாவின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை முதலிலேயே இணையுங்கள். கணக்கு வைத்திருப்பவர் அல்லாதவருக்கு நிறுவனம் விவரம் தராது. கடைசியில் நிறுவனம் பணம் தர முன்வந்து ஒரு தாளை நீட்டினால், "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கையெழுத்திட்டால் மிச்சத் தொகையை வேறு எங்கும் கேட்க முடியாது. 1,594.82-க்கு 1,400 தருகிறார்கள் என்றால், தரகும் முத்திரை வரியும் ஏன் விடுபட்டன என்று கேட்டு, திருத்திய தாள் வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.